பெங்களூரு போகும் மீன் குழம்பு

தூத்துக்குடியில் மாலை ஆறு மணிக்கு மேல் ஆம்னி பஸ் அலுவலகங்களின் வாசலைப் பார்த்தால், அந்த ஊரின் சாப்பாட்டு வரைபடமே அங்கே அடுக்கியிருக்கும். மக்ரூன் டப்பாக்கள், கருவாட்டுப் பொட்டலங்கள், கருப்பட்டி. இவற்றை எங்கே வைத்தாலும், எத்தனை மணிக்குக் கொண்டுபோனாலும் ஒன்றும் ஆகாது. இப்போது இவற்றின் நடுவே பழுப்பு டேப் சுற்றிய அட்டைப்பெட்டிகளும் வருகின்றன. உள்ளே தெர்மாகோல் பெட்டி, அதற்குள் ஐஸ், ஐஸுக்கு நடுவே ஒரு வீட்டில் சமைத்து உறையவைத்த மீன் குழம்பு. இந்தப் பெட்டிக்கு மட்டும் மூடிய நிமிடத்திலிருந்து நேரம் ஓடத் தொடங்கிவிடுகிறது.

வீட்டிலிருந்து சமைத்து விற்பவர்கள் ஊறுகாய், பொடி வகைகளைத் தாண்டி இப்படி ஈரமான, கெடக்கூடிய உணவை வெளியூருக்கு அனுப்ப முற்படும்போது, ருசியைப் பற்றிய கவலை அவர்களுக்கு இருப்பதில்லை. எத்தனை ஐஸ் வைப்பது என்பதில்தான் தடுமாற்றம். "நாலு ஐஸ் பேக் போட்டேன், போதும்னு நினைச்சேன்" என்பார்கள். போதுமா போதாதா என்பதை நினைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. சமையலறைத் தராசு ஒன்றும் ஒரு மதியப் பொழுதும் இருந்தால் கணக்கிட்டே சொல்லிவிடலாம்.

அந்தக் கணக்கை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். தூத்துக்குடியில் ஒரு வீட்டுச் சமையலறை. அனுப்ப வேண்டியது சீலா மீன் குழம்பு, அரை கிலோ பாக்கெட்டுகள் ஆறு, ஆக மொத்தம் மூன்று கிலோ. போக வேண்டிய இடம் பெங்களூரு மடிவாளா. போவது இரவு பஸ்ஸில்.

ஐஸ் செய்யும் வேலை, செய்யாத வேலை

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சாதாரண ஐஸ் பேக்கால் உறைந்த உணவை உறைந்தபடியே வெகுநேரம் வைத்திருக்க முடியாது. ஐஸ் உருகுவது பூஜ்ஜியம் டிகிரியில். உப்பும் புளியும் எண்ணெயும் சேர்ந்த குழம்போ அதற்கு ஓரிரு டிகிரி கீழேயே இளகத் தொடங்கிவிடும். ஆகவே, பேக் இன்னும் கல்லாக இருக்கும்போதே குழம்பு கூழாகியிருக்கலாம். வாடிக்கையாளர் போன் செய்து, "ஐஸ் அப்படியே இருக்கு, குழம்பு மட்டும் எப்படி இளகுச்சு? பழசா?" என்று கேட்பதற்குக் காரணம் இதுதான். குழம்பு பழசும் இல்லை, யாரும் ஏமாற்றவும் இல்லை.

அப்படியானால் ஐஸால் என்ன பயன்? குழம்பை ஐந்து டிகிரிக்கு மேல் ஏறவிடாமல் பிடித்து வைக்கும். உணவுப் பாதுகாப்பில் கவனிக்க வேண்டிய கோடு அதுதான். ஐந்து டிகிரிக்கும் அறுபது டிகிரிக்கும் நடுவில் கிருமிகள் வேகமாகப் பெருகும். அதனால் வீட்டிலிருந்து அனுப்புபவர் வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டிய வாக்கு, "கல் போல வந்து சேரும்" என்பதாக இருக்கக் கூடாது. "ஃபிரிட்ஜில் இருந்து எடுத்தது போலச் சில்லென்று வந்து சேரும், வந்ததும் ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு நாளுக்குள் சாப்பிட்டுவிடுங்கள்" என்று சொல்லலாம். இந்த வாக்கைக் காப்பாற்ற முடியும்.

ஐஸுக்கு இன்னொரு வேலையும் கொடுக்கக் கூடாது. உணவைக் குளிரவைக்கும் வேலை ஃப்ரீசருடையது. பெட்டிக்குள் போகும் ஐஸ், வெளியிலிருந்து சுவர் வழியே கசிந்து வரும் சூட்டை வாங்கிக்கொள்வதற்காக மட்டுமே. ஒரு கிலோ ஐஸ் முழுக்க உருகினால் ஏறத்தாழ 334 கிலோஜூல் வெப்பத்தை விழுங்கும். மூன்று கிலோ குழம்பை 70 டிகிரிச் சூட்டோடு பெட்டியில் வைத்து மூடினால், அதை ஐந்து டிகிரிக்குக் கொண்டுவரவே இரண்டு கிலோவுக்கு மேல் ஐஸ் கரைந்துபோகும். ஆறி 30 டிகிரிக்கு வந்த குழம்பாக இருந்தாலும் முக்கால் கிலோவுக்கு மேல் போய்விடும். பஸ் ஊரைத் தாண்டுவதற்கு முன்பே பயணத்துக்கு வைத்த ஐஸ் செலவாகிவிட்டது என்று பொருள்.

முதல் நாள் வேலை

எனவே இந்தப் பயணம் பஸ் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பே தொடங்குகிறது. மீனை வாங்கிய அன்றே சமைத்துவிட வேண்டும். சீலா, சூரை, அயிலை, மத்தி போன்ற மீன்களை வெயிலில் போட்டுவைத்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும். சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவக்கும், தடிப்பு வரும், தலைவலிக்கும். கொதிக்கவைத்தாலோ உறையவைத்தாலோ ஹிஸ்டமின் போகாது. மீன் கெட்ட நாற்றம் இல்லாமலும் அது இருக்கலாம். அதனால் பின்னால் எவ்வளவு ஐஸ் வைத்தாலும், கரையிலிருந்து அடுப்பு வரை மீன் ஐஸில் இருந்ததா என்பதைச் சமைப்பவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குழம்பு இறக்கியதும் சட்டியோடு இரவு முழுக்க ஆறவிடுவது வீட்டு வழக்கம். அனுப்பும் குழம்புக்கு அது ஆகாது. 60 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்திலும், அங்கிருந்து ஐந்து டிகிரிக்கு அடுத்த நான்கு மணி நேரத்திலும் இறங்க வேண்டும் என்பது உணவுத் தொழிலில் பின்பற்றும் நெறி. ஆழமான சட்டியில் இது நடக்காது. அகலமான தட்டுகளில் இரண்டு விரல் உயரத்துக்கு ஊற்றி, அந்தத் தட்டுகளை ஐஸ் தண்ணீரில் நிறுத்தினால் அரை மணி நேரத்திலேயே தொட்டால் சில்லென்றிருக்கும்.

பிறகு பாக்கெட். பிளாஸ்டிக் டப்பாவைவிட, தடித்த பையில் ஊற்றித் தட்டையாகப் படுக்கவைத்து உறையவைப்பது நல்லது. உறைய ஆகும் நேரம் கனத்தைப் பொறுத்தது. கனம் பாதியானால் நேரம் ஏறக்குறைய கால்பங்காகும். ஐந்து சென்டிமீட்டர் ஆழமுள்ள டப்பாவின் நடுப்பகுதி காலையிலும் உறையாமல் நிற்கும்போது, இரண்டரை சென்டிமீட்டர் தட்டைப் பாக்கெட் இரவுக்குள் பலகையாகிவிடும். பலகையாக இருந்தால் அடுக்கவும் எளிது, நடுவில் காற்றுக்கும் இடமிருக்காது.

காற்றை உறிஞ்சி மூடும் வேக்குவம் பாக்கெட் பற்றி ஓர் எச்சரிக்கை. அதைப் போட்டுவிட்டால் உணவு கெடாது என்று பலர் நம்புகிறார்கள். காற்று இல்லாத இடத்தில்தான் வளரும் கிருமிகளும் உண்டு. கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினத்தில் மீனோடு தொடர்புள்ள ஒரு வகை, மூன்று டிகிரிக்குச் சற்று மேலேயே, அதாவது ஃபிரிட்ஜுக்குள்ளேயே, மெதுவாக வளரக்கூடியது. வேக்குவம் கசிவைத் தடுக்கும், ஃப்ரீசரில் உணவு வறண்டுபோகாமல் காக்கும். குளிருக்கு அது மாற்று ஆகாது. அப்படிப் பாக்கெட் போட்டால், "இளகிவிட்டால் பையைப் பிரித்து வேறு பாத்திரத்துக்கு மாற்றி வையுங்கள்" என்று சீட்டில் எழுதிவிட வேண்டும்.

இங்கே வீட்டு ஃப்ரீசரின் எல்லையும் தெரிய வேண்டும். ஃபிரிட்ஜின் மேல்தட்டில் ஒரே நாளில் சில கிலோவைத்தான் புதிதாக உறையவைக்க முடியும். நம் உதாரணத்தில் மூன்று கிலோ குழம்பு மட்டுமல்ல, ஐஸ் பேக்குகளும் உறைய வேண்டும். பேக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்தால் வெளிப்பக்கம் கல்லாகவும் நடுவில் தண்ணீராகவும் இருக்கும். கையால் அழுத்திப் பார்த்தால் தெரியாது. குலுக்கினால் சலசலக்கும். அப்படிப்பட்ட பேக்கில் பாதிப் பலன்தான். பேக்குகளை இரண்டு நாள் முன்பே, இடைவெளி விட்டு வைத்துவிட்டு, அதன்பிறகு குழம்பை உள்ளே விடுவது சரியான வரிசை.

கடையில் விற்கும் ஜெல் பேக் வாங்கத்தான் வேண்டுமா? ஜெல் பேக்கில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். அதைக் கெட்டியாக்க ஒரு பொருள் சேர்த்திருக்கிறார்கள். எடைக்கு எடை, தண்ணீர் ஐஸைவிட அது அதிகம் குளிர்த்துவிடாது. பை கிழிந்தாலும் ஓடாது என்பதும், இடுக்குகளில் படியும் என்பதும் அதன் வசதிகள். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில்களையே உறையவைக்கலாம். உறையும் தண்ணீர் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு விரியும் என்பதால் கழுத்துவரை நிரப்பக் கூடாது.

பெட்டி எவ்வளவு கசிகிறது?

இனி பெட்டி. மீன் மார்க்கெட்டில் கிடைப்பது போன்ற தெர்மாகோல் பெட்டி, உள்ளளவு 30 சென்டிமீட்டர் நீளம், 20 அகலம், 18 உயரம், சுவர் கனம் மூன்று சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இது மணிக்கு எவ்வளவு சூட்டை உள்ளே விடுகிறது என்று யாரும் அட்டையில் அச்சிட்டுத் தருவதில்லை. ஆனால் நாமே அளந்துவிடலாம்.

ஐஸ் கடையில் ஐந்து கிலோ ஐஸ் வாங்கி உடைத்து, பாலிதீன் பையில் போட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். சொட்டத் தொடங்கிய ஐஸாக இருக்க வேண்டும். ஃப்ரீசரிலிருந்து அப்போதுதான் எடுத்த ஐஸ் முதலில் பூஜ்ஜியத்துக்கு ஏறவே சிறிது நேரம் எடுத்து, நம் கணக்கைக் கெடுத்துவிடும். சேர்ந்திருக்கும் தண்ணீரை வடித்துவிட்டு, மூடி, டேப் சுற்றி, பயணத்தில் பட நேரும் சூட்டுக்கு நிகரான ஓர் இடத்தில், மொட்டைமாடி நிழலில் வையுங்கள். சரியாக ஐந்து மணி நேரம் கழித்துத் திறந்து, உருகிய தண்ணீரை மட்டும் வடித்து எடை போடுங்கள். தண்ணீர் 950 கிராம் இருந்தால், பெட்டி மணிக்கு 190 கிராம் ஐஸைத் தின்கிறது என்று பொருள். கணக்குக்கு 200 என்று வைத்துக்கொள்ளலாம்.

மேலே சொன்ன அளவுள்ள பெட்டிக்கு, வெளியே 35 டிகிரி இருக்கும்போது, தெர்மாகோல் சுவர் வழியே மட்டும் மணிக்கு 165 கிராம் ஐஸ் உருகும் என்று ஏட்டுக் கணக்கு வரும். மூடியின் விளிம்பில் புகும் காற்றைச் சேர்த்தால் 190 என்பது நம்பக்கூடிய எண். உங்கள் சோதனையில் 300, 350 என்று வந்தால், பெட்டியில் விரிசல் இருக்கிறது, அல்லது மூடி உட்காரவில்லை, அல்லது தெர்மாகோல் மிக லேசான ரகம். பெட்டியை விளக்குக்கு மேல் தூக்கிப் பார்த்தால் விரிசல் வெளிச்சமாகத் தெரியும்.

இந்தச் சோதனையை வெள்ளிநிறப் பைக்கும் செய்து பார்க்கலாம். உள்ளே பளபளவென்று ஃபாயில் ஒட்டிய மெல்லிய குமிழ்த்தாள் பை பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஹோட்டலிலிருந்து அரை மணி நேரம் சாப்பாடு கொண்டுபோக அது போதும். இரவுப் பயணத்துக்குச் சில மில்லிமீட்டர் கனம் எந்த மூலைக்கு? சூட்டைத் தடுப்பது சுவரின் கனமும் அதற்குள் சிறைப்பட்ட காற்றும்தான். மூன்று சென்டிமீட்டர் சுவர் ஆறாக மாறினால் கசிவு கிட்டத்தட்டப் பாதியாகும். அதே ஐஸ் ஏறக்குறைய இரட்டிப்பு நேரம் தாங்கும்.

பஸ் நேரம் வேறு, பெட்டி நேரம் வேறு

"பஸ் பன்னிரண்டு மணி நேரத்தில் போய்விடும்" என்று கேட்டு, பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஐஸ் வைப்பவர்கள் உண்டு. பெட்டியின் நேரம் மூடியை ஒட்டியதிலிருந்து தொடங்கி, வாடிக்கையாளர் அதைத் திறக்கும்வரை ஓடுகிறது.

நம் பெட்டியை மாலை ஐந்தரைக்கு மூடுகிறோம். ஆறரைக்குப் பார்சல் அலுவலகத்தில் கொடுக்கிறோம். ஏழரைக்கு பஸ் புறப்படுகிறது. மதுரை, சேலம், கிருஷ்ணகிரி, ஓசூர் தாண்டிக் காலை ஏழரைக்கு மடிவாளா. இறக்கி, சீட்டைப் பார்த்து, வாடிக்கையாளருக்குப் போன் போய், அவர் வந்து எடுப்பது ஒன்பதரை. மொத்தம் 16 மணி நேரம். எல்லாம் சரியாக நடந்தால் இவ்வளவு. ஓசூர் நுழைவில் நெரிசல் இருக்கலாம். வாடிக்கையாளர் "ஆபீஸ் முடிஞ்சு வந்து எடுத்துக்கறேன்" என்று சொல்லலாம். அதனால் வீட்டிலிருந்து அனுப்புபவர்கள் போடும் கணக்கு, நடக்கும் நேரத்தில் பாதியைக் கூடுதலாகச் சேர்த்து 24 மணி நேரம்.

மணிக்கு 200 கிராம் வீதம் 24 மணிக்கு 4.8 கிலோ ஐஸ். பெட்டியில் இவ்வளவு போட்டால் குழம்புக்கு இடம் நெருக்கடிதான். இங்கே உறைந்த குழம்பே கைகொடுக்கிறது. குழம்பில் பெரும்பகுதி தண்ணீர். மூன்று கிலோ உறைந்த குழம்பு இளகும்போது, ஏறக்குறைய இரண்டு கிலோ ஐஸ் உருகும் அளவு சூட்டை விழுங்கிவிடும். சில்லென்று சேர்ந்தால் போதும் என்று முதலிலேயே வாக்குக் கொடுத்துவிட்டதால், இந்த இரண்டு கிலோவைக் கணக்கில் சேர்க்கலாம். மீதி மூன்று கிலோ ஐஸ், அதாவது அரை கிலோ பேக்குகள் ஆறு. பதினெட்டு டிகிரி மைனஸிலிருந்து பூஜ்ஜியத்துக்கு ஏறும் வரை பேக்கும் குழம்பும் தாங்கும் இரண்டு மூன்று மணி நேரத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. அது கைக்காவலாக இருக்கட்டும்.

இதே குழம்பை உறையவைக்காமல், ஃபிரிட்ஜில் வைத்து மட்டும் அனுப்பினால் என்ன ஆகும் என்றும் இதிலேயே தெரிகிறது. அந்த இரண்டு கிலோ கழிந்துவிடும். அதே ஆறு பேக்குகள் 15 மணி நேரத்தில் தீரும். வாடிக்கையாளர் எட்டரைக்கே வந்தாலும் கடைசிச் சொட்டு ஐஸோடுதான் எடுப்பார்.

அடுக்கும் முறை

ஆறு பேக்கில் ஒன்று அடியில், இரண்டு மேலே, மூன்று பக்கவாட்டில். குழம்புப் பாக்கெட்டுகள் நடுவில், ஒன்றோடொன்று ஒட்டி. சூடு சுவர் வழியே வருகிறது. அது குழம்பைத் தொடும் முன் ஐஸைத் தொட வேண்டும் என்பதுதான் இதற்குக் காரணம். எல்லா ஐஸையும் அடியில் போட்டு மேலே உணவை வைப்பது பரவலாகச் செய்யும் தவறு. குளிர்ந்த காற்று கனமானது, கீழேயே தங்கும். மேல் பாக்கெட் முதலில் வெதுவெதுப்பாகும். மிச்ச இடத்தில் செய்தித்தாளைக் கசக்கித் திணித்துவிட வேண்டும். காலியிடம் இருந்தால் காற்று சுழன்று சூட்டைக் கொண்டுபோகும், வளைவில் பாக்கெட்டுகளும் உருளும்.

எல்லாவற்றையும் ஒரு பெரிய பாலிதீன் பைக்குள் கட்டி, மூடியின் விளிம்பு முழுக்க டேப் ஒட்டி, அதை அட்டைப்பெட்டிக்குள் இறக்க வேண்டும். தெர்மாகோலைத் தனியாகக் கொடுத்தால் மேலே ஒரு மூட்டை விழுந்ததும் மூலை உடையும். பார்சல் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவரின் கவலை வேறு.

"ஐஸ் இருக்காக்கா உள்ள? ஒழுகுச்சுன்னா கீழ இருக்க துணி பார்சல்லாம் நாசமாப் போயிரும்லா."

"ஒழுகாதுண்ணே. உள்ள பை போட்டுக் கட்டியிருக்கு. இன்ஜின் பக்கம் மட்டும் வச்சிராதீங்க."

இரண்டு பேர் சொல்வதும் சரி. பின்பக்க இன்ஜின் உள்ள பஸ்ஸில், டிக்கியின் பின்மூலை மொட்டைமாடி நிழலைவிடச் சூடாக இருக்கும். அங்கே 45 டிகிரி என்றால் நம் 200 கிராம் கணக்கு 250-ஐத் தாண்டிவிடும். பெட்டியின் மேலே "குளிர்பதன உணவு, இன்ஜின் பக்கம் வைக்க வேண்டாம்" என்று எழுதி, பெறுபவரின் எண்ணைப் பெரிதாக எழுதுவது அதனால்தான். கூரியரில் போடுபவர்கள் முதலில் அந்த நிறுவனம் கெடக்கூடிய உணவை ஏற்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. ஏற்றாலும் தாமதத்துக்குப் பொறுப்பேற்பதில்லை. வெள்ளிக்கிழமை கூரியரில் போட்ட பெட்டி ஞாயிறு முழுக்கக் கிடங்கில் கிடக்கக்கூடும்.

திறக்கும்போது பார்ப்பது

மடிவாளாவில் பெட்டியை எடுப்பவருக்கு இரண்டு விஷயங்களைச் சொல்லிக்கொடுத்தால் போதும். முதலாவது, திறந்ததும் ஐஸ் பேக்குகளை அமுக்கிப் பார்ப்பது. எல்லாப் பக்கமும் உள்ள பேக்குகளில் கெட்டியான ஐஸ் கொஞ்சமாவது மிச்சம் இருந்தால் குழம்பு பூஜ்ஜியத்தை ஒட்டித்தான் இருந்திருக்கும். ஒரு பக்கத்துப் பேக்குகள் மட்டும் தண்ணீராகி வெதுவெதுப்பாக இருந்தால் அந்தப் பக்கத்துப் பாக்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டாவது, சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் இரண்டு பாக்கெட்டுகளுக்கு நடுவே செருகிச் சில நிமிடம் வைத்துப் பார்ப்பது. ஐந்துக்குள் இருந்தால் நல்லது. பேக்குகள் எல்லாம் தண்ணீராகி, குழம்பு பத்து, பதினைந்து டிகிரியில் இருந்தால், எத்தனை மணி நேரமாக அப்படி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வாசனை நன்றாக இருக்கிறதே என்று கொதிக்கவைத்துச் சாப்பிடவும் கூடாது. சில கிருமிகள் விட்டுச்செல்லும் நஞ்சு கொதியில் அழியாது. தூக்கிப் போட்டுவிட்டுப் பணத்தைத் திருப்பித் தருவதே முறை.

புது வழித்தடத்தில் முதல்முறை அனுப்பும்போது விற்பனைக்கு அனுப்பாமல், அந்த ஊரில் இருக்கும் உறவினருக்கு ஒரு சோதனைப் பெட்டி அனுப்பலாம். உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு வெப்பப் பதிவுக் கருவியைப் பாக்கெட்டுகளுக்கு நடுவே வைத்தால், எத்தனை மணிக்கு எத்தனை டிகிரி என்று வரிசையாகக் காட்டிவிடும். வளைகோடு எங்கே சட்டென்று ஏறுகிறது என்று பார்த்தால், தாமதம் சாலையிலா பார்சல் அலுவலகத் தரையிலா என்பதும் தெரியும். பெரும்பாலும் பஸ் ஓடிய நேரத்தில் கோடு படுத்தே இருக்கும். இறக்கிவைத்த பிறகு, காலை வெயிலில்தான் எழும்.

ஐஸ் போதாத தூரம்

கல் போல உறைந்தபடியேதான் வேண்டும் என்று கேட்கும் பொருள்களும் உண்டு. ஐஸ்கிரீம் ஓர் உதாரணம். அதற்கு இரண்டு வழிகள் சொல்வார்கள். ஒன்று, உப்புக் கரைசல் பேக். நூற்றுக்கு 23 பங்கு உப்புக் கரைந்த தண்ணீர் மைனஸ் 21 டிகிரியில் உறையும், அதே குளிரில் உருகும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18-க்குத்தான் போகும். அந்த பேக் அதில் ஒரு வாரம் கிடந்தாலும் முழுக்க உறையாது. வாங்கி ஏமாந்தவர்கள் பேக்கைக் குறை சொல்வார்கள். பிழை ஃப்ரீசரின் எல்லையில் இருக்கிறது.

மற்றொன்று உலர் பனிக்கட்டி, அதாவது கெட்டியான கார்பன் டை ஆக்சைடு. மைனஸ் 78 டிகிரி. தண்ணீர் விடாமல் நேரே வாயுவாகும். ஒரு கிலோ, ஐநூறு லிட்டருக்கு மேல் வாயுவாக விரியும். பெட்டியைக் காற்றுப்புகாமல் அடைத்தால் வெடித்துத் திறந்துகொள்ளும். ஜன்னல் மூடிய காரில் வைத்துக் கொண்டுபோனால் ஓட்டுபவருக்கே மூச்சுத் திணறும். வெறும் கையால் தொட்டால் தோல் வெந்துபோகும். விமானச் சரக்கில் இது அபாயப் பொருள் பட்டியலில் வருவதால், எடையை எழுதி, அதற்குரிய ஒட்டுத்தாள் ஒட்டியே ஏற்பார்கள். சொல்லாமல் பஸ் டிக்கியில் ஏற்றிவிடுவது யாருக்கும் நல்லதல்ல. வீட்டுச் சமையலறைக்கு இது ஒத்துவராத சாமான் என்றே சொல்லலாம்.

ஆக, தெர்மாகோலும் தண்ணீர் ஐஸும் வைத்து வேலை செய்யும் ஒரு வீட்டுக்குத் தானாகவே ஓர் எல்லை வரையப்பட்டுவிடுகிறது. தூத்துக்குடியிலிருந்து 24 மணி நேரப் பெட்டிக் கணக்குக்குள் சென்னை, கோயம்புத்தூர், பெங்களூரு வரும். ரயிலிலேயே ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும் டெல்லி வராது. பெட்டியைத் தடிமனாக்கி, ஐஸைக் கூட்டி அனுப்பலாமே என்றால், சரக்கின் எடையைவிட ஐஸின் எடைக்குத்தான் பார்சல் கட்டணம் போகும். இப்போதே மூன்று கிலோ குழம்புக்கு, ஐஸ், தெர்மாகோல், அட்டை எல்லாம் சேர்த்து ஏழு கிலோ ஆகிறது.

சின்ன ஆர்டரிலும் இதே இடிதான். ஒரு கிலோ மட்டும் கேட்கிறார்கள் என்று மூன்றில் ஒரு பங்கு கொள்ளளவுள்ள பெட்டி எடுத்தால், ஐஸ் மூன்றில் ஒரு பங்காகக் குறையாது. பெட்டி சிறுக்கும் வேகத்தில் அதன் மேற்பரப்பு சிறுப்பதில்லை, கிட்டத்தட்டப் பாதியாகத்தான் குறையும். சூடு வருவது மேற்பரப்பு வழியே. எனவே ஒரு கிலோவுக்குக் கட்டுப்படியாகும் விலை வைத்தால் வாங்குபவர் ஓடுவார். வைக்காவிட்டால் விற்பவர் நஷ்டப்படுவார். குறைந்தது மூன்று கிலோ என்று ஒரு வரம்பு வைப்பதும், ஒரே குடியிருப்பில் இருக்கும் இரண்டு மூன்று வீடுகளைச் சேர்ந்து ஆர்டர் செய்யச் சொல்வதும் இதனால்தான்.

வீட்டில் சமைத்து விற்பவருக்கும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு வேண்டும். பாக்கெட்டில் அந்த 14 இலக்க எண், சமைத்த தேதி, சேர்மானம், சேமிக்கும் முறை எல்லாம் இருக்க வேண்டும். அவற்றோடு பெட்டியின் மேல் இன்னொரு வரியையும் எழுதிவிடுவது நல்லது: மூடிய நேரம், திறந்தாக வேண்டிய கடைசி நேரம். நம் பெட்டிக்கு அது "வியாழன் மாலை 5.30, வெள்ளி மாலை 5.30-க்குள்". அந்த வரியை எழுதத் தொடங்கிய பிறகு ஆர்டர் எடுக்கும் விதமும் மாறும். "எத்தனை பாக்கெட் வேணும்?" என்பதற்கு முன்னால், "மறுநாள் காலையில் யார் வந்து எடுப்பீங்க, எத்தனை மணிக்கு?" என்று கேட்க வேண்டியிருக்கும். அதற்குத் தெளிவான பதில் வராத ஆர்டரை எடுக்காமல் விட்டுவிடலாம்.